ரேகை எடுக்கலைன்னா ஆளே இல்லையா?

போன மாசம் மச்சினர் பையன் சென்னையில இருந்து வந்திருந்தான். திண்ணையில உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தப்போ, "இப்போதான் எல்லாமே ஆன்லைன்ல வந்துடுச்சே மாமா, இன்னும் எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையறீங்க"ன்னு கேட்டான். தப்பா கேட்கல. அவன் பாஸ்போர்ட் எடுத்தது, வரி கட்டினது, மின் கட்டணம் கட்டினது எல்லாம் உட்கார்ந்த இடத்துலயே முடிஞ்சது. அவனுக்கு அரசாங்கம்னா ஒரு செல்போன் திரை. அது நல்லாவே வேலை செய்யுது. அதனால எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விவரமா எழுதறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல நகரத்துல இருக்கறவங்கன்னு தெரியும். உங்க அம்மாவோ அத்தையோ ஊர்ல இருந்தா, இது உங்க வீட்டுக் கதையும்தான்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். நான் கம்ப்யூட்டருக்கு விரோதி இல்லை. பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவன். `eservices.tn.gov.in` போய் என் பட்டா, சிட்டாவை நானே எடுத்துக்குவேன். என் சின்ன வயசுல எங்க அப்பா ஒரு சிட்டா நகலுக்காகக் கணக்குப்பிள்ளை வீட்டு வாசல்ல துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்திருக்கேன். 1980ல அந்தப் பரம்பரைப் பதவிகளை எடுத்துட்டு கிராம நிர்வாக அலுவலர்னு கொண்டு வந்தாங்க. அப்புறமும் சிட்டா, அடங்கலுக்குக் கவனிக்க வேண்டியதைக் கவனிச்சாத்தான் நடந்துச்சு. அந்தக் காலம் திரும்பி வரணும்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன். எனக்கு இருக்கிற வழக்கு வேற. அதை எங்க பெரியம்மா கதை வழியாச் சொன்னாத்தான் புரியும்.

பெரியம்மாவுக்கு அப்போ 68 வயசு. எங்க பக்கம் மானாவாரி பூமி. அவங்க பேர்ல 1 ஏக்கர் 30 சென்ட், தனிப் பட்டா. மக்காச்சோளம், பருத்தி, தண்ணி இருந்தா சின்ன வெங்காயம். சொந்தக் காட்டு வேலை போக மீதி நாள் அடுத்தவங்க காட்டுக்குக் களையெடுக்கப் போவாங்க. மத்திய அரசோட பி.எம். கிசான் திட்டம் 2019ல வந்தப்போ, பட்டா இருந்ததால அவங்களும் சேர்ந்தாங்க. வருசத்துக்கு 6000 ரூபாய், 2000 வீதம் மூணு தவணை. அந்தப் பணத்தை அவங்க உரம் வாங்கறதுக்குன்னே வச்சிருப்பாங்க.

2022 அக்டோபர் தவணை வரல. தீபாவளி கழிஞ்சும் வரல. ஒரு கடுதாசி இல்லை, ஆள் வந்து சொல்லல. கேட்டப்போதான் தெரிஞ்சது, இ-கேஒய்சி பண்ணணுமாம். அதாவது, நான் உயிரோட இருக்கேன், நான் நான்தான்னு ஆதார் வழியா நிரூபிக்கணும். அப்போ அதுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஆதாரோட இணைச்ச செல்போனுக்கு வர்ற ஓடிபியைப் போடறது ஒண்ணு. சேவை மையத்துல போய் விரல் ரேகை வைக்கறது இன்னொண்ணு.

பெரியம்மா ஆதார்ல இருந்த நம்பர், முகாம்ல படம் பிடிச்ச காலத்துல பேரன் வச்சிருந்த சிம். அந்த சிம் செத்து எத்தனையோ வருசம். அதனால ரேகைதான் வழின்னு மையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், பொறுமையாத்தான் பார்த்துச்சு. கடைசியில, "ரேகை எடுக்கல ஆயா. ரெண்டு நாள் வேலைக்குப் போகாம, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டு வாங்க"ன்னு சொல்லிடுச்சு.

இதை நகரத்து நண்பர்கள் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பார்க்கணும். வெங்காயத் தாளைக் கிள்ளிக் கிள்ளி, களைக்கொட்டு பிடிச்சு, பருத்திச் சுளை எடுத்து, பாத்திரம் தேய்ச்சு அம்பது வருசம் ஓடின கை அது. விரல் நுனியில வரி எங்கே இருக்கும்? வயசாக ஆகத் தோலும் காஞ்சு போகும். நீங்க ஆபீஸ்ல வருகைப் பதிவுக்கு வைக்கிற விரல் வேற, இந்த விரல் வேற. விவசாயிக்குன்னு போட்ட ஒரு திட்டத்துல, விவசாயம் பார்த்ததாலயே ஒருத்தர் வெளியே நிக்கிறார். இதைவிடக் கேவலம் என்ன வேணும்?

எண்ணெய் தடவிட்டு மறுபடியும் போனோம். அப்பவும் எடுக்கல. வேளாண்மை அலுவலகம் போனோம். அங்கே இருந்தவர் பெரியம்மாவை நேர்ல பார்க்கறார். பட்டா, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாத்தையும் கையில வாங்கிப் பார்த்தார். "நீங்கதான்னு எனக்குத் தெரியுது பாட்டி, ஆனா என் லாகின்ல இதுக்கு வழி இல்லையே"ன்னார். கண்ணு முன்னாடி ஆள் நிக்குது. சட்டப்படி சம்பளம் வாங்கற அதிகாரி அடையாளம் கண்டுக்கறார். ஆனா அவர் சொன்னா செல்லாது. எங்கேயோ இருக்கிற ஒரு மெஷின் சொன்னாத்தான் செல்லும்.

பிறகு ஆதார் மையத்துல செல்போன் நம்பரை மாத்தலாம்னு போனோம். முதல் நாள் காலையில பத்து மணிக்குப் போனா டோக்கன் தீர்ந்து போச்சு. இன்னொரு நாள் ஆறரை மணி மினி பஸ்ஸைப் பிடிச்சுப் போய் வரிசையில நின்னோம். அங்கே கருவிழி எடுக்கிற கருவி இருந்ததால, விரல் ஒத்துழைக்காட்டியும் கண்ணை வச்சு என் பையன் நம்பரைச் சேர்த்தாங்க. சில நாள் கழிச்சு ஓடிபி வந்தது. வீட்டுல உட்கார்ந்தே இ-கேஒய்சியை முடிச்சோம். எவ்வளவு சுலபம், பார்த்தீங்களா? அந்தச் சுலபத்துக்கு முன்னாடி அஞ்சு நாள் அலைச்சல்.

கதை அதோட முடியல. 2023 பிப்ரவரித் தவணை விட்டாங்க. இணையதளத்துல பார்த்தா பணம் செலுத்தியாச்சுன்னு காட்டுது. பாஸ்புக்குல வரவு இல்லை. வங்கிக்குப் போனோம், அது ஆறாவது நாள். அங்கே ஒருத்தர்தான் விளக்கமாச் சொன்னார். முன்னாடி நாம கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் போட்டாங்க. அப்புறம் ஆதார் எண்ணைப் பார்த்துப் போட ஆரம்பிச்சாங்க. அந்த முறையில, நீங்க கடைசியா எந்த வங்கியில ஆதாரை இணைச்சீங்களோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். பெரியம்மா மகளிர் குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில கணக்கு தொடங்கினப்போ ஆதாரைக் கொடுத்திருந்தாங்க. அந்தப் பாஸ்புக் குழுத் தலைவி வீட்டுல கிடந்தது. 2000 ரூபாய் அதுல போய் உட்கார்ந்திருந்துச்சு. வங்கிக்காரர் அதைச் சொல்லலைன்னா, 'அரசாங்கம் கொடுத்துடுச்சு, கிழவிதான் பொய் சொல்லுது'ன்னு முடிஞ்சிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு நாள் கூலி போச்சு. அப்போ எங்க பக்கம் களையெடுப்புக்கு 250 ரூபாய், ஆக 1500. மையத்துல ரெண்டு தடவை அம்பது அம்பது, ஆதார் கட்டணம் 50, ஜெராக்ஸ் 20, மொத்தம் 170. மினி பஸ், டீ, டிபன் எல்லாம் சேர்த்து 360. கூட்டினா 2030 ரூபாய். 2000 ரூபாய்த் தவணைக்கு 2030 ரூபாய் செலவு. இதுல என் பெட்ரோலையும் என் நாளையும் சேர்க்கல. நின்னுபோன அக்டோபர் தவணை என்னாச்சுன்னு கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல.

இதைச் சொன்னதும் மச்சினர் பையன், "திருட்டைத் தடுக்கத்தானே மாமா இவ்வளவு சரிபார்ப்பு"ன்னான். இந்த வாதத்துக்குத்தான் நான் பதில் சொல்லியாகணும். ஏன்னா, படிச்சவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.

2020ல நம்ம தமிழ்நாட்டுல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? கொரோனா ஊரடங்கு நேரம். பி.எம். கிசான்ல யார் வேணும்னாலும் இணையத்துலயே பதிஞ்சுக்கலாம்னு வழி திறந்திருந்துச்சு. அந்த ஆகஸ்டுல குட்டு வெளிப்பட்டது. விவசாயமே பார்க்காத, தகுதி இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்துச்சு. எப்படி நடந்துச்சு? அலுவலர்களோட லாகின், பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் போயிருந்துச்சு. அவங்க கூட்டம் கூட்டமா ஆளைச் சேர்த்து ஒப்புதலும் கொடுத்துக்கிட்டாங்க. சிபிசிஐடி விசாரிச்சு, ஒப்பந்த ஊழியர்கள், இடைத்தரகர்கள்னு பலரைக் கைது பண்ணினாங்க. கொடுத்த பணத்தைக் கணக்குகள்ல இருந்து திருப்பி எடுத்தாங்க.

இதுல இருந்து என்ன தெரியுது? திருடன் விரல் ரேகை வழியா வரல, பாஸ்வேர்டு வழியா வந்தான். ஓட்டை அலுவலகத்துல இருந்துச்சு. ஆனா பூட்டு எங்கே போட்டாங்க? பெரியம்மா கட்டை விரல்ல போட்டாங்க. பழைய காலத்துல ஒரு கணக்குப்பிள்ளை மொத்தமா ஏமாத்தினா ஒரு கிராமத்தைத்தான் ஏமாத்த முடியும். இப்போ ஒரு பாஸ்வேர்டு கையில கிடைச்சா ஒரு மாவட்டத்தையே ஏமாத்தலாம். அந்த ஓட்டையை அடைங்க, வேண்டாம்னு யார் சொன்னா?

இடைத்தரகர் ஒழிஞ்சாங்கன்னு சொல்றதும் அப்படித்தான். அவர் ஒழியல, இடம் மாறி உட்கார்ந்திருக்கார். முன்னாடி தாலுகா ஆபீஸ் மரத்தடியில மனு எழுதினார். இப்போ பிரவுசிங் சென்டர்ல ஏசி போட்டு உட்கார்ந்திருக்கார். ஸ்மார்ட்போன் இல்லாத கிழவன் கிழவிக்கெல்லாம் தன் செல்போன் நம்பரையே போட்டுப் பதிஞ்சு கொடுக்கறவங்களை நான் பார்த்திருக்கேன். உதவின்னு நினைச்சுத்தான் சில பேர் செய்யறாங்க. ஆனா அதுக்கப்புறம் அந்தப் பாட்டிக்கு வர்ற ஒவ்வொரு ஓடிபியும் அவர் பாக்கெட்டுக்குத்தான் வரும். கட்சி மாறினாலும் சென்டர் மாறினாலும், பாட்டி அவரைத் தேடித்தான் போயாகணும்.

அடுத்தது பேர் விவகாரம். 2025 ஆரம்பத்துல விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கறோம்னு ஊர் ஊரா முகாம் போட்டாங்க. ஆதாரையும் பட்டாவையும் இணைச்சு ஒரு எண். இது இல்லைன்னா பி.எம். கிசான் தவணை வராதுன்னு சொன்னதால எல்லாரும் ஓடினோம். அங்கே ஆதார்ல இருக்கிற பேரும் பட்டாவுல இருக்கிற பேரும் பொருந்தணும். நம்ம பட்டா தமிழ்ல இருக்கு. செல்லம்மாள்னு ஒரு பேரை எடுத்துக்குங்க. ஒரு ஆவணத்துல `CHELLAMMAL`, இன்னொண்ணுல `SELLAMMAL`. இனிஷியலை ஒருத்தர் முன்னாடி போட்டிருப்பார், ஒருத்தர் பின்னாடி, இன்னொருத்தர் புருசன் பேரையே முழுசாச் சேர்த்திருப்பார். பட்டாவுல செல்லம்மா, ஆதார்ல செல்லம்மாள். வடக்கே குடும்பப் பேர் வச்சுக்கிற ஊர்ல இந்தச் சிக்கல் வேற மாதிரி இருக்கலாம். நம்ம ஊர்ல ரெண்டு ஆவணத்துல ஒரே மாதிரி பேர் இருந்தாத்தான் அதிசயம். கிராம நிர்வாக அலுவலருக்கு இது ஒரே ஆள்னு ஒரு நொடியில தெரியும். மெஷினுக்கு ரெண்டு ஆள்.

பட்டாவே தப்பா இருந்தா இன்னும் மோசம். 1980கள்ல யூடிஆர்னு நிலவுடைமைப் பதிவேடுகளை ஊர் ஊராப் புதுசா எழுதினாங்க. அப்போ பல இடத்துல பேர் மாறிப் போச்சு. அனுபவத்துல ஒருத்தர், பதிவேட்டுல வேறொருத்தர். அரை ஏக்கர் கூடக் குறைய ஏறிப்போனது, உட்பிரிவு விட்டுப்போனது, அண்ணன் பாகம் தம்பி பேர்ல விழுந்ததுன்னு ஊருக்கு நாலு கேஸ் இருக்கும். அந்தத் தாளைத்தான் அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. தாள்ல இருந்தவரைக்கும் அது ஒரு எழுத்துப் பிழை. ஊர்ல எல்லாருக்கும் உண்மை தெரியும், அதை வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருந்தோம். திரையில ஏறின பிறகு அதுவே உண்மை ஆயிடுச்சு. செத்துப்போன தாத்தா பேர்ல பட்டா இருந்தா அவரே இன்னும் விவசாயி, உழுதுகிட்டு இருக்கிற பேரன் இல்லை. கோயில் நிலத்தையும் அடுத்தவர் நிலத்தையும் குத்தகைக்கு ஓட்டறவங்களைச் சொல்லவே வேண்டாம். பட்டா இல்லாததால அவங்க இந்தத் திட்டத்துக்குள்ளேயே வர மாட்டாங்க.

இப்போ என் வழக்கு என்னன்னு சொல்லிடறேன். முன்னாடி ஒரு அதிகாரி 'முடியாது'ன்னு சொன்னா, அவர் முகம் தெரியும். அவர்கிட்ட வாதாடலாம், கெஞ்சலாம், கோபப்படலாம். மேலதிகாரிகிட்ட மனு கொடுக்கலாம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல போய் நிக்கலாம். லஞ்சம் கேட்டா பிடிச்சுக் கொடுக்கலாம். இப்போ 'முடியாது'ன்னு சொல்றது யாரு? மையத்துப் பொண்ணு 'சிஸ்டம் எடுக்கல'ங்குது. வேளாண் அலுவலர் 'என் லாகின்ல வழி இல்லை'ங்கறார். வங்கி 'மேலே இருந்து வரல'ங்குது. யாரும் பொய் சொல்லல. எல்லாருமே கையை விரிக்கிறாங்க. ஒரு குடிமகளுக்குச் சேர வேண்டியதை நிறுத்தியாச்சு, நிறுத்தினவர்னு ஒரு ஆளே கிடையாது. லஞ்சம் வாங்கற ஆளை ஒழிக்கறேன்னு சொல்லி, பதில் சொல்ற ஆளையும் சேர்த்து ஒழிச்சுட்டாங்க.

இதுக்கு வழி இல்லாம இல்லை. ரேஷன்ல ரேகை, ஓடிபி தோத்துப்போனா மாற்று வழியில பொருள் கொடுக்கணும், அதைப் பதிவேட்டுல எழுதி வைக்கணும்னு ஆதார் ஆணையமே 2017 அக்டோபர்ல சுற்றறிக்கை விட்டிருக்கு. அந்தச் சுற்றறிக்கை மற்ற நலத்திட்டங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்க மையத்துலயோ அலுவலகத்துலயோ ஒரு போர்டு நான் பார்த்ததில்லை. ரேஷன்ல தமிழ்நாடு அரசு 2025 ஆகஸ்டுல, வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் பொருள் கொடுக்கிற தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கினது. நடக்க முடியாதவங்க இருக்காங்கன்னு ஒத்துக்க முடிஞ்சா, ரேகை தேய்ஞ்சவங்க இருக்காங்கன்னும் ஒத்துக்கலாமே.

கர்நாடகத்துல 2011லயே சகாலான்னு ஒரு சட்டம் போட்டாங்க. எந்தச் சேவைக்கு எத்தனை நாள், எந்த அதிகாரி பொறுப்புன்னு அதுல இருக்கு. தாமதம் ஆனா நாளுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரைக்கும் மனுதாரருக்கு ஈடு கொடுக்கணும். பெரிய தொகை இல்லைதான். ஆனா தப்புக்கு ஒரு ஆள் இருக்கார்னு அந்த 20 ரூபாய் சொல்லுது. மத்தியப் பிரதேசம் அதுக்கும் ஒரு வருசம் முன்னாடியே இப்படிச் சட்டம் போட்டுச்சு. எல்லாத்துலயும் முன்னோடின்னு சொல்லிக்கிற நம்ம மாநிலத்துல, நான் இதை எழுதற வரைக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை.

நான் கேட்கறது மூணே மூணு. ஒண்ணு, பணத்தை நிறுத்தறதுக்கு முன்னாடி தபால்ல ஒரு கடிதம் போடுங்க. இன்ன காரணம், இத்தனை நாள் அவகாசம், இந்த அலுவலகத்துல இவரைப் பாருங்கன்னு தமிழ்ல இருக்கணும். முதல்ல நிறுத்திட்டு அப்புறம் கேட்டுக்கலாம்ங்கறது நியாயம் இல்லை. ரெண்டு, ரேகையும் ஓடிபியும் வரலைன்னா, கிராம நிர்வாக அலுவலரோ வேளாண்மை உதவி அலுவலரோ ஆளை நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுக்கட்டும், அது செல்லட்டும். தப்பாக் கொடுத்தா அவர்மேல நடவடிக்கை எடுங்க, கையெழுத்து இருக்கே. மூணு, முடியாதுன்னு சொல்ற எந்த மையமும் அதை எழுதிக் கொடுக்கட்டும். 'இன்ன தேதி, இன்னார் வந்தார், ரேகை எடுக்கல'ன்னு ஒரு சீட்டு. அந்தச் சீட்டு கையில இருந்தா மனு போட ஒரு ஆதாரம் இருக்கும். இப்போ ஆறு நாள் அலைஞ்சோம்னு நிரூபிக்க எங்ககிட்ட இருக்கறது மினி பஸ் டிக்கெட்டுதான்.

நகரத்து நண்பர்களே, இந்தத் தளங்களைக் கட்டறவங்க உங்கள்ல பலர். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வீட்டுப் பெரியவங்களோட ஆதாரை எடுத்து மூணு விசயம் பாருங்க. அதுல இருக்கிற செல்போன் நம்பர் இப்பவும் உயிரோட இருக்கா? `myaadhaar.uidai.gov.in` தளத்துல `Bank Seeding Status` பார்த்தா எந்த வங்கி வருது, அந்தப் பாஸ்புக் வீட்டுல இருக்கா? பட்டாவுல இருக்கிற பேரும் ஆதார் பேரும் ஒண்ணா? அரை மணி நேர வேலை. அதோட, ஒரே ஒரு நாள் அவங்களைக் கூட்டிக்கிட்டு மையத்து வரிசையில நின்னு பாருங்க.

வங்கியில இருந்து அன்னிக்குத் திரும்பி வரும்போது பெரியம்மா கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. "ஏன்டா தம்பி, நான் செத்துட்டேன்னு எழுதறதுக்கு மட்டும் இந்த ரேகை வேண்டியதில்லையோ?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. பதில் சொல்ல வேண்டியவர் யாருன்னுதான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்.